காப்பர் வந்த பிறகுதான் ‘கிளிக்’ சத்தம் கேட்டது

இரண்டு திரவங்கள். ஒன்று பென்சைல் அசைடு, மற்றது ஃபீனைல் புரோபார்ஜைல் ஈதர். இரண்டையும் கரைப்பான் எதுவும் சேர்க்காமல் ஒரு குடுவையில் கலந்து, 92 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் வைத்தால் வினை நடந்துவிடும். ஆனால் கிடைப்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒரே மூலக்கூறு வாய்பாடு, ஒரே நிறை, வேறு வேறு அமைப்பு. ஏறத்தாழ 1.6-க்கு 1 என்ற விகிதத்தில் இரண்டும் கலந்து நிற்கும்.

அதே இரண்டு திரவங்களை இப்போது தண்ணீரும் டெர்ட்-பியூட்டனாலும் கலந்த கரைப்பானில் போட்டு, துளியளவு காப்பர் சல்பேட்டும் கொஞ்சம் சோடியம் அஸ்கார்பேட்டும் சேர்த்து, சூடாக்காமல் கலக்கிக்கொண்டே விட்டால், 8 மணி நேரத்தில் 91 சதவீதம் விளைபொருள் கிடைக்கிறது. இந்த முறை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது மாற்றியம் வரவே இல்லை.

இந்த ஒப்பீடு 2002-ல் ஷார்ப்லெஸ், ஃபோகின் குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அசைடும் ஆல்கைனும் சேரும் வினையை ஏன் ‘கிளிக்’ என்கிறார்கள் என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு குடுவைகளைக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த சுருக்கமான பதில். முதல் குடுவையில் நடப்பது வளையக் கூட்டு வினைதான், ஆனால் அது கிளிக் ஆகவில்லை. இரண்டாவது குடுவையில்தான் அந்தச் சத்தம் கேட்கிறது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் கதை.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். அசைடு என்பது மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் ஒரு தொகுதி. ஒரு முனை நைட்ரஜன் கார்பனோடு கட்டுண்டிருக்கும், மறுமுனை சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். ஆல்கைன் என்பது இரண்டு கார்பன்களுக்கு இடையே முப்பிணைப்பு உள்ள சேர்மம். நமக்கு வேண்டியது நுனி ஆல்கைன், அதாவது முப்பிணைப்பின் ஒரு கார்பனில் ஹைட்ரஜன் மட்டுமே இருக்கும் வகை. அசைடின் இரு முனை நைட்ரஜன்களும் ஆல்கைனின் இரண்டு கார்பன்களைப் பிடித்துக்கொண்டால் ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் உருவாகும்: மூன்று நைட்ரஜன், இரண்டு கார்பன். இதுதான் 1,2,3-ட்ரையசோல். எந்த அணுவும் வெளியே போகவில்லை, தண்ணீரோ உப்போ கழிவாக விழவில்லை. 133 கிராம் பென்சைல் அசைடும் 132 கிராம் ஈதரும் முழுமையாகச் சேர்ந்தால் 265 கிராம் ட்ரையசோல். கூட்டல் கணக்கு அப்படியே பொருந்தும்.

சிக்கல் எந்த முனை எந்தக் கார்பனைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. வளையத்தில் எண் போடும்போது, அசைடிலிருந்து வந்த பென்சைல் தொகுதியைச் சுமக்கும் நைட்ரஜனுக்கு 1 என்று பெயர். அதிலிருந்து சுற்றி வந்தால் 2, 3 என்ற நைட்ரஜன்கள், பிறகு 4, 5 என்ற கார்பன்கள். ஆல்கைனோடு வந்த தொகுதி 4-ஆம் கார்பனில் உட்காரலாம், 5-லும் உட்காரலாம். 4-ல் என்றால் இரண்டு தொகுதிகளும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் விலகி நிற்கும். 5-ல் என்றால் பக்கத்து இருக்கையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். வெறும் சூட்டில் இரண்டு வழிகளுக்கும் ஏறவேண்டிய ஆற்றல் மேட்டின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் அந்த 1.6-க்கு 1.

இந்த வினை புதிதும் இல்லை. ஃபீனைல் அசைடிலிருந்து ட்ரையசோல் உருவாவதை ஆர்தர் மைக்கேல் 1893-லேயே வெளியிட்டார். 1960-களில் மியூனிக்கில் ரோல்ஃப் ஹியூஸ்கன் இதையும் இதுபோன்ற பல வினைகளையும் ஒரே குடும்பமாகக் கண்டு, 1,3-இருமுனை வளையக் கூட்டு வினை என்று முறைப்படுத்தினார். பாடநூல்களில் இன்னும் அவர் பெயர்தான் இதற்கு. ஆனால் அடுத்த முப்பது வருடங்களுக்கு மேலாக மருந்துகள், பாலிமர்கள் செய்கிறவர்கள் இதைத் தேடிப் போய்ப் பயன்படுத்தவில்லை. பல மணி நேரம் சூடாக்கவேண்டும், கிடைத்த கலவையைப் பிரிக்க மெனக்கெட வேண்டும். அதற்கு மேல் அசைடு என்றாலே வெடிக்கும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஆற்றல் கணக்கைப் பார்த்தால் இந்த மந்தம் விநோதமாக இருக்கும். அசைடும் ஆல்கைனும் ட்ரையசோலாக மாறும்போது ஒரு மோலுக்கு 40 கிலோ கலோரிக்கும் மேல் ஆற்றல் வெளியேறுகிறது. இது பெரிய சரிவு. உருவான வளையம் அரோமேட்டிக் தன்மை கொண்டது, அமிலத்திலோ காரத்திலோ லேசில் உடையாது, அதனால் திரும்பிப் போகவும் போகாது. இவ்வளவு இறக்கம் இருந்தும் ஏன் தானாக உருளவில்லை? நடுவில் சுமார் 25 கிலோ கலோரி உயரத்துக்கு ஒரு மேடு இருக்கிறது. அசைடின் நேரான மூன்று நைட்ரஜன்களும், ஆல்கைனின் நேரான கார்பன் சங்கிலியும், வளையமாவதற்கு முன்னால் இரண்டுமே வளைந்தாக வேண்டும். அந்த வளைப்புக்கு ஆகும் செலவுதான் மேட்டின் பெரும்பகுதி. முறுக்கி வைத்த ஸ்பிரிங் போல ஆற்றல் உள்ளே கிடக்கிறது, கொக்கி மட்டும் இறுகிக் கிடக்கிறது.

இந்த மேட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இது இருப்பதால்தான் அசைடும் ஆல்கைனும் மற்ற நேரமெல்லாம் சாதுவாக இருக்கின்றன. தண்ணீர், ஆக்சிஜன், புரதத்தில் இருக்கும் அமீன், ஆல்கஹால் எதையும் அவை சீண்டுவதில்லை. ஒரு பெரிய மூலக்கூறின் ஓரத்தில் அசைடை ஒட்டிவிட்டு, பத்து வினைகள் தாண்டிய பிறகும் அது அப்படியே இருக்கும். இந்தப் பொறுமைதான் பின்னால் பெரிய சொத்தாக மாறியது.

சரி, பெயருக்கு வருவோம். கிளிக் வேதியியல் என்ற சொல் காப்பர் வினைக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரிசை அப்படி இல்லை. 2001-ல் ஹார்ட்முத் கோல்ப், எம். ஜி. ஃபின், பேரி ஷார்ப்லெஸ் மூவரும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். காப்பர் வினைக் கட்டுரைகள் வந்தது அடுத்த ஆண்டில். ஆக, முதலில் வந்தது ஒரு வினை இல்லை, ஒரு தேர்வுத்தாள்.

கட்டுரையின் வாதம் எளிமையானது. இயற்கையே புரதம், டி.என்.ஏ. போன்ற தன் பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக எடுத்து, கார்பனோடு வேறு அணுக்கள் சேரும் பிணைப்புகளால் கோத்துத்தான் கட்டுகிறது. நாம் ஏன் கஷ்டமான கார்பன்-கார்பன் பிணைப்புகளோடு போய்த் திணறவேண்டும்? பயன்தான் வேண்டும் என்றால், கார்பனோடு நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றை இணைக்கும் எளிய பிணைப்புகளால் சிறு துண்டுகளைக் கோத்துவிடலாமே. அப்படிக் கோக்கத் தகுதியான வினைகள் எவை என்பதற்குத்தான் அந்தத் தேர்வுத்தாள். விளைச்சல் மிக அதிகமாக இருக்கவேண்டும். துணை விளைபொருள் இருந்தால் அது தொந்தரவில்லாததாக, குரோமடோகிராஃபி, அதாவது சிலிக்கா பத்தி வழியாக ஊற்றிப் பிரிக்கும் வேலை, இல்லாமலே நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பலவகைத் துண்டுகளோடும் வேலை செய்யவேண்டும். தண்ணீர், காற்று பட்டால் கெடக்கூடாது. விளைபொருளின் அமைப்பு முன்கூட்டியே சொல்லத்தக்கதாக இருக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: வினையின் ஆற்றல் இறக்கம் பெரிதாக, பொதுவாக மோலுக்கு 20 கிலோ கலோரிக்கு மேல் இருக்கவேண்டும். அப்படி இருந்தால்தான் வினை முழுதாக ஓடி முடியும், பாதி வழியில் நிற்காது.

இப்போது சொல்லின் பொருள் விளங்கும். கார் சீட் பெல்ட்டின் நாக்கைக் கொக்கிக்குள் தள்ளும்போது ஒரு சத்தம் வருகிறதே, அதுதான். நாக்கு அந்தக் கொக்கிக்கு மட்டுமே பொருந்தும். பொருந்தியது காதுக்கே தெரியும். இழுத்தால் கழலாது. பெல்ட்டின் மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்பது கொக்கிக்குக் கவலையில்லை. கணினி மவுஸின் கிளிக்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, ‘சுலபம், ஒரே சொடுக்கு’ என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது பாதிதான் சரி. முக்கால்வாசி அர்த்தம் ‘பூட்டிக்கொண்டது’ என்பதில் இருக்கிறது.

அந்தத் தேர்வுத்தாளை ஹியூஸ்கன் வினைக்கு வைத்துப் பாருங்கள். ஆற்றல் இறக்கம், முழு மதிப்பெண். கழிவு, ஒன்றுமே இல்லை. தண்ணீர், காற்று, கவலையில்லை. ஆனால் சூடு வேண்டும், நேரம் ஆகும், நுனி ஆல்கைன் என்றால் இரண்டு மாற்றியங்கள் வரும், பிரிப்பதற்குக் குரோமடோகிராஃபியில் போய் நிற்கவேண்டும். 2001-ன் கட்டுரை இந்த வினையை மிக நம்பிக்கையோடு பட்டியலில் வைத்திருந்தாலும், அப்போது அது ஒரு பாடத்தில் தவறிய நல்ல மாணவன் மாதிரிதான் இருந்தது.

அந்த ஒரு பாடத்தை எழுதிக்கொடுத்தது காப்பர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் மார்ட்டன் மெல்டால் குழு இதைத் தேடிப் போகவில்லை. ஆல்கைனை ஓர் அசைல் ஹாலைடோடு இணைக்கும் வழக்கமான வினையைக் காப்பர் அயனிகளை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். முடிவைப் பார்த்தால் அசைல் ஹாலைடு முனை தொடப்படாமல் அப்படியே இருந்தது. அதே மூலக்கூறின் மறுமுனையில் ஓர் அசைடு இருந்தது, ஆல்கைன் அதைப் போய்ப் பிடித்து ட்ரையசோல் ஆகியிருந்தது. அசைல் ஹாலைடு என்பது வேதியியலில் அவசரக்காரன், பட்டால் ஒட்டிக்கொள்ளும் வகை. அவனைத் தாண்டி, சோம்பேறி என்று பெயரெடுத்த அசைடு ஜெயித்திருக்கிறது. மெல்டால் இதை 2001 ஜூனில் சான் டியாகோவில் ஒரு மாநாட்டில் சொன்னார், கிறிஸ்டியன் டோர்னோவும் அவரும் 2002-ல் கட்டுரையாக்கினார்கள். அதே ஆண்டில் ஷார்ப்லெஸ், ஃபோகின் குழு தனியாக அதே வினையைத் தண்ணீரில் செய்து காட்டியது. நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு குடுவைகள் அங்கிருந்து வந்தவை.

காப்பர் செய்வது என்ன? ஒற்றை மின்சுமை கொண்ட காப்பர் அயனி, அதாவது காப்பர்(I), நுனி ஆல்கைனின் ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அந்த நுனிக் கார்பனில் தானே உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காப்பர் போதாது, இரண்டு காப்பர் அணுக்கள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்று ஃபோகின் குழு 2013-ல் காட்டியது. அது இப்போதைக்கு இருக்கட்டும். அப்புறம் அசைடு வந்து, தன் பென்சைல் தொகுதியைச் சுமக்கும் நைட்ரஜனால் காப்பரைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காப்பர் ஒரு பக்கம் நுனிக் கார்பனையும் மறுபக்கம் அந்த நைட்ரஜனையும் பிடித்திருப்பதால், அசைடின் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனை, ஆல்கைனின் அடுத்த கார்பனுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்தக் கார்பன்தான் தொகுதியைச் சுமப்பது. முதல் பிணைப்பு அங்கே விழுகிறது. அந்தக் கணத்தில் காப்பரையும் சேர்த்து ஆறு அணு வளையம் ஒன்று இருக்கும். பிறகு காப்பர் பிடித்திருந்த நைட்ரஜனும் நுனிக் கார்பனும் நேரடியாக இணைந்து வளையம் ஐந்தாகச் சுருங்குகிறது. கடைசியில் காப்பர் இருந்த இடத்துக்கு ஒரு புரோட்டான் வந்ததும் காப்பர் அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பென்சைல் தாங்கிய 1-ஆம் நைட்ரஜனுக்குப் பக்கத்தில் வருவது எப்போதும் காப்பர் இருந்த நுனிக் கார்பன், அதுதான் 5. தொகுதி தாங்கிய கார்பன் எப்போதும் 4 ஆகிறது. 1,5 வருவதற்கு வழியே இல்லை, இருக்கைகளைக் காப்பர் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டது. அதோடு வளைப்பும் படிப்படியாக நடப்பதால் மேடு தாழ்கிறது. வேகம் சுமார் ஒரு கோடி மடங்கு கூடுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆய்வகத்தில் இதைச் செய்யும்போது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரு மில்லிமோல் அளவுக்கு 133 மில்லிகிராம் பென்சைல் அசைடு, 132 மில்லிகிராம் ஈதர். மொத்தம் 4 மில்லி கரைப்பான். ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட காப்பர் சல்பேட் மோல் கணக்கில் ஒரு சதவீதம் போதும், அதாவது 2.5 மில்லிகிராம். இதைத் தராசில் எடுப்பது வீண் வேலை. 25 மில்லிகிராமை ஒரு மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் சரியாக வந்துவிடும். சோடியம் அஸ்கார்பேட் ஐந்து சதவீதம், ஏறத்தாழ 10 மில்லிகிராம். அதையும் கரைசலாகவே சேர்க்கலாம், ஆனால் அன்றன்றைக்குக் கரைத்ததாக இருக்கவேண்டும்.

காப்பர் சல்பேட் சேர்க்கும்போது குடுவை இளநீலம். அது காப்பர்(II), வேலை செய்யாத நிலை. அஸ்கார்பேட் விழுந்ததும் நீலம் மறைந்து மஞ்சள் அல்லது ஆரஞ்சுச் சாயல் வரும். அஸ்கார்பேட் என்பது வைட்டமின் சி-யின் உப்பு, அது காப்பர்(II)-க்கு எலக்ட்ரானைக் கொடுத்துக் காப்பர்(I) ஆக்கிவிட்டது. நேரடியாகக் காப்பர்(I) உப்பையே போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் திரும்ப (II) ஆக்கிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜனை விரட்டும் ஏற்பாடு வேண்டியிருக்கும். அஸ்கார்பேட் ஐந்து மடங்கு கூடுதலாக இருக்கும்வரை, திறந்த குடுவையில்கூட, பழுதாகும் காப்பரை அது திருத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளைத் திடப்பொருள் மெல்ல மெல்லப் பிரிந்து கீழே சேர ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். விளைபொருளுக்குத் தண்ணீரில் பிரியமில்லை, அதனால் தானே வெளியேறுகிறது. வடிகட்டி, நீர்த்த அம்மோனியாக் கரைசலால் கழுவினால் ஒட்டியிருக்கும் காப்பர் நீலமாகக் கரைந்து போய்விடும்.

முடிந்ததா என்று பார்க்க அகச்சிவப்பு நிறமாலை போதும். 2100 அலை எண்ணுக்குப் பக்கத்தில் அசைடு ஒரு கூரான, பலமான பட்டையைக் காட்டும், வேறு அதிகம் எதுவும் நடமாடாத இடம் அது. அந்தப் பட்டை காணாமல் போனால் அசைடு காலி. என்.எம்.ஆர். நிறமாலையில் 7.5 பி.பி.எம்.-ஐ ஒட்டி ட்ரையசோல் வளையத்தின் தனி ஹைட்ரஜன் ஓர் ஒற்றைக் கோடாக எழும். அது 1,4 தானா என்று சந்தேகம் வந்தால், அந்த ஹைட்ரஜனுக்கு அருகில் பென்சைலின் CH₂ இருக்கிறதா என்று அண்மையைக் காட்டும் அளவீட்டில் பார்க்கலாம். 1,4-ல் இருக்கும். 1,5-ல் அந்த ஹைட்ரஜன் வளையத்தின் எதிர்ப்பக்கம் போய்விடுவதால் அந்தத் தொடர்பு தெரியாது.

தவறு நடந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மாணவனாக இருந்தபோது பழைய அஸ்கார்பேட் கரைசலை மிச்சம் பிடிக்க நினைத்து ஊற்றினேன். மஞ்சள் வந்தது, ஒரு மணி நேரத்தில் மீண்டும் பச்சை கலந்த நீலமாகிவிட்டது. அஸ்கார்பேட் ஏற்கெனவே காற்றில் செத்துப்போயிருந்தது. காப்பர்(II)-ம் ஆக்சிஜனும் ஆல்கைனும் ஒன்றாக இருந்தால் இன்னொரு வம்பும் உண்டு: இரண்டு ஆல்கைன்கள் தங்களுக்குள்ளேயே நுனியோடு நுனி இணைந்துவிடும். கிளேசர் இணைப்பு என்று அதற்குப் பெயர். ஆல்கைன் தீர்ந்தும் அசைடு பட்டை அப்படியே நின்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். சில சமயம் பளீர் மஞ்சளாக ஒரு தூள் விழுந்து வினை அப்படியே நின்றுபோகும். அது காப்பரும் ஆல்கைனும் கூடித் திரண்ட காப்பர் அசெட்டிலைடு. வினையின் நடுவில் பிறக்கவேண்டியது, கரையாமல் மூட்டையாகிவிட்டது. டெர்ட்-பியூட்டனாலைக் கொஞ்சம் கூட்டுவதோ, காப்பரைத் தாங்கிப் பிடிக்கும் ஈனி ஒன்றைச் சேர்ப்பதோ பலன் தரும். வேடிக்கை என்னவென்றால், அதற்காகவே செய்யப்பட்ட டி.பி.டி.ஏ. என்ற ஈனியும் இதே கிளிக் வினையால் செய்த மூன்று ட்ரையசோல்கள் கொண்டதுதான்.

அசைடு பயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். சிறிய அசைடுகள் நிஜமாகவே வெடிக்கும். நைட்ரஜன் வாயுவாகத் தப்பித்துப் போக அவற்றுக்கு எப்போதும் ஆசை. ஆய்வகங்களில் ஒரு எளிய விதி உண்டு: மூலக்கூறிலுள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் கூட்டுத்தொகையை நைட்ரஜன் எண்ணிக்கையால் வகுத்தால் 3 அல்லது அதற்கு மேல் வரவேண்டும். நம் பென்சைல் அசைடில் 7 கார்பன், 3 நைட்ரஜன், விடை 2.3. விதியில் தேறவில்லை. அதனால் அதைச் சிறு அளவில் செய்து, குளிர்ச்சியில் வைத்து, வேகமாகப் பயன்படுத்துவார்கள், வற்றும்வரை காய்ச்சி வடிக்கமாட்டார்கள். பலர் அதைத் தனியே எடுப்பதுகூட இல்லை, பென்சைல் புரோமைடையும் சோடியம் அசைடையும் கிளிக் குடுவையிலேயே போட்டுவிடுகிறார்கள். சோடியம் அசைடை டைகுளோரோமீத்தேனோடு சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. அங்கே பிறக்கும் டைஅசைடோமீத்தேனில் ஒரு கார்பனுக்கு ஆறு நைட்ரஜன்.

பெரிய ஆற்றல் இறக்கம் என்று பெருமையாகச் சொன்னதன் விலையும் இங்கே தெரியும். ஒரு மில்லிமோலுக்கு 40 கலோரி. 4 மில்லி கரைப்பானில் அது மொத்தமாக வெளிப்பட்டாலும் பத்து டிகிரிதான் ஏறும், எட்டு மணி நேரத்தில் பரவினால் கை வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாது. அதே வினையை நூறு மடங்கு பெருக்கி, கரைப்பானை மட்டும் அந்த அளவுக்குப் பெருக்காமல், காப்பரை ஒரே தடவையில் கொட்டினால் குடுவை கொதித்து வெளியே வரும். கிளிக் என்றால் மென்மையானது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

காப்பர் வழிக்குள்ள எல்லைகள் அதன் வழிமுறையிலேயே எழுதியிருக்கின்றன. நுனியில் ஹைட்ரஜன் இல்லாத ஆல்கைனில் காப்பருக்கு உட்கார இடமில்லை, அதனால் சாதாரணமாக வினை நடக்காது. 1,5 மாற்றியம்தான் வேண்டும் என்றால் ருதீனியம் வினையூக்கிக்குப் போகவேண்டும், அந்த வழி 2005-ல் வந்தது. நுனி இல்லாத ஆல்கைன்களையும் ருதீனியம் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது எல்லை உயிருள்ள செல். காப்பர்(I)-ம் ஆக்சிஜனும் சேர்ந்தால் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் துண்டுகள் பிறந்து புரதங்களைக் கடித்துக் குதறும், செல் செத்துவிடும். கேரலின் பெர்டோசி செல்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளை அடையாளம் காண அசைடைத்தான் ஒட்டிவைத்திருந்தார். காப்பரைக் கொண்டுவர முடியாது. அவர் ஸ்பிரிங்கை வேறொரு முனையில் முறுக்கினார். எட்டுக் கார்பன் வளையத்துக்குள் முப்பிணைப்பை அடைத்தால் அது நேராக 180 டிகிரியில் நிற்க முடியாமல் 160 டிகிரிக்குப் பக்கத்தில் வளைந்துகிடக்கும், சுமார் 18 கிலோ கலோரி இறுக்கத்தோடு. சூட்டு வினையில் மேட்டின் பெரும்பகுதி வளைப்புச் செலவு என்று பார்த்தோமே, அந்தச் செலவில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டியாயிற்று. இப்படிப்பட்ட சைக்ளோஆக்டைன் ஃபீனைல் அசைடோடு வெடிப்பதுபோல் வினைபுரிகிறது என்று விட்டிக்கும் கிரெப்ஸும் 1961-லேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பழைய குறிப்பை உயிருள்ள செல்களின் மேல் பயன்படும்படி பெர்டோசி குழு 2004-ல் மாற்றியது. 2022-ன் வேதியியல் நோபல் மெல்டால், ஷார்ப்லெஸ், பெர்டோசி மூவருக்கும் சேர்ந்து போனது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, எனக்குப் பிடித்தமானது. காப்பர் இல்லாததால் இருக்கை ஒதுக்க ஆளில்லை, சமச்சீரில்லாத சைக்ளோஆக்டைன் என்றால் இரண்டு மாற்றியங்களும் திரும்ப வந்துவிடுகின்றன. 1.6-க்கு 1 என்று நாம் புறப்பட்ட அதே இடம். ஆனால் செல்லின் மேல் ஒளிரும் சாயத்தை ஒட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாயம் எந்தக் கோணத்தில் ஒட்டினாலும் ஒளி ஒன்றுதான். ஒரு மருந்து மூலக்கூறு செய்கிறவருக்கு அதே கலவை தோல்வி. தேர்வுத்தாளின் எந்தக் கேள்வி கட்டாயம் என்பது, என்ன கட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

சொல் பிரபலமான பிறகு ஆளாளுக்குத் தங்கள் வினையைக் கிளிக் என்று எழுத ஆரம்பித்தார்கள். தயாலும் ஆல்கீனும் சேரும் வினை, ஷார்ப்லெஸ் 2014-ல் முன்வைத்த கந்தக-ஃபுளோரின் பரிமாற்றம் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் நியாயமாகவே பொருந்துகிறது. மற்றபடி தலைப்பில் கிளிக் என்று பார்த்தால் நான் நேரே செய்முறைப் பகுதிக்குப் போவேன். அங்கே விளைபொருளை எப்படித் தூய்மைப்படுத்தினார்கள் என்ற வரியைத் தேடுவேன். ‘வடிகட்டி, கழுவி, உலர்த்தப்பட்டது’ என்றிருந்தால் சரி. சிலிக்கா பத்தியில் இரண்டு கரைப்பான்களை மாற்றி மாற்றி ஊற்றிப் பிரித்தார்கள் என்றிருந்தால், கொக்கி இன்னும் மாட்டவில்லை.